அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள் என்று யார் சொன்னது?

கேள்வி: எனக்கு ஊர் கடலூர் மஞ்சக்குப்பம், வயது 27. புதுச்சேரியில் ஒரு ஐ.டி. கம்பெனியில் கைக்கு 62,000 வருகிறது. காலேஜ் சீனியர் அண்ணா ஒருவர் மீன் ஏலக் கணக்குக்கு மென்பொருள் செய்யும் ஸ்டார்ட்அப் தொடங்கியிருக்கிறார், மூன்றாவது ஆளாக என்னைக் கூப்பிடுகிறார். சம்பளம் 38,000, கூடவே ஒரு சதவீதம் பங்கு என்று பீச்சில் நடந்துகொண்டே சொன்னார். வீட்டுக்கு மாதம் 30,000 கொடுக்கிறேன். அப்பா ஆபரேஷனுக்காக அடகு வைத்த அக்கா நகையை மாதம் 20,000 கட்டி அடுத்த ஆவணிக்குள் மீட்பதாக இருந்தேன், அது கொஞ்சம் தள்ளிப்போனாலும் அக்கா ஒன்றும் சொல்ல மாட்டாள். சம்பளத்தையும் பங்கையும் அவரிடம் எப்படிப் பேசுவது? பணம் பேசினால் தப்பாக நினைப்பாரோ என்று தயக்கமாக இருக்கிறது.
– பெயர் வேண்டாம், கடலூர்

பதில்:

தம்பி, அண்ணா தப்பாக நினைப்பாரோ என்று கவலைப்படத் தெரிந்த உங்களுக்கு அக்கா என்ன நினைப்பாள் என்று ஒரு நிமிஷம் யோசிக்கத் தோன்றவில்லை. இந்த மாதிரிக் கடிதங்கள் எனக்கு நிறைய வருகின்றன, எல்லாவற்றிலும் எங்காவது ஒரு ஓரத்தில் ஒன்றும் சொல்லாத ஒரு பெண் இருக்கிறாள். ஒன்றும் சொல்லாதவள் சம்மதித்துவிட்டாள் என்று அர்த்தமில்லை. கட்டிக்கொடுத்த வீட்டில் ஒவ்வொரு விசேஷத்துக்கும் கவரிங் போட்டுக்கொண்டு போய், "உன் செயின் எங்கம்மா?" என்று மாமியார் பக்கத்துச் சொந்தம் கேட்கும்போது பதில் சொல்கிறவள் அவள்தான். அப்பா உங்கள் இரண்டு பேருக்கும்தான் அப்பா. நகை போனது அவளுடையது மட்டும்.

இப்போது உங்கள் கணக்குக்கு வருகிறேன். 38,000 சம்பளத்தில் வீட்டுக்கு 30,000 போனால் மீதி 8,000, பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் சரியாகப் போகும். நகைக்கான 20,000 முழுசாக நின்றுவிடும். சம்பளத்தில் குறைத்துக்கொள்ளும் பணம்தான் நீங்கள் அந்தக் கம்பெனியில் போடும் முதலீடு என்பது புரிகிறதா? மாதம் 24,000 போடப் போகிறீர்கள், அதில் பெரும்பங்கு அக்காவின் நகைப் பணம். அவளுக்கே தெரியாமல் அவளை முதலீட்டாளர் ஆக்குகிறீர்கள், அதற்கான பங்கு உங்கள் பெயரில்.

அந்த முதலீடு என்ன தரும் என்று பார்க்கலாம். நான்கு வருஷத்தில், சம்பள உயர்வையெல்லாம் விட்டுவிட்டே கணக்கிட்டாலும், 11 லட்சத்து 52 ஆயிரம் விட்டுக்கொடுக்கிறீர்கள். அந்த ஒரு சதவீதம் கடைசிவரை ஒரு சதவீதமாகவே இருக்காது. கம்பெனி வெளியில் பணம் வாங்கும்போதெல்லாம் புதுப் பங்கு போடுவார்கள். ஒவ்வொரு தடவையும் 20 சதவீதம் புது ஆட்களுக்குப் போகிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு தடவையில் உங்களுடையது 0.64 ஆகிவிடும். விட்ட பணத்தை மட்டும் திரும்ப எடுப்பதற்கே அந்தக் கம்பெனியை யாராவது 18 கோடி ரூபாய் கொடுத்து வாங்கியாக வேண்டும். அதிலும், பெரிய முதலீட்டாளர்கள் போட்ட பணத்தை முதலில் எடுத்துக்கொள்ளும்படி ஒப்பந்தம் இருக்கலாம், மிச்சத்தில்தான் உங்கள் பங்கு. அது நடக்கவே நடக்காது என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஆவணிக்குள் நடக்காது.

இதைவிட முக்கியமான ஒன்றை அண்ணா சொல்லியிருக்க மாட்டார், அவருக்கே தெரியாமலும் இருக்கலாம். ஊழியருக்குக் கொடுப்பது பெரும்பாலும் பங்கு கிடையாது, பிற்பாடு ஒரு குறிப்பிட்ட விலைக்குப் பங்கு வாங்கிக்கொள்ளும் உரிமை, அதாவது ஸ்டாக் ஆப்ஷன். நம் நாட்டு நிறுவனச் சட்டத்தின் 2014ஆம் வருட விதிப்படி, ஆப்ஷன் கொடுத்த நாளிலிருந்து குறைந்தது ஒரு வருஷம் போன பிறகுதான் அது உங்கள் கைக்கு வர முடியும். வழக்கமாக முதல் வருஷ முடிவில் கால் பாகம், அப்புறம் மாதாமாதம் கொஞ்சமாக, நான்கு வருஷத்தில் முழுசும் என்று எழுதுவார்கள். ஆகவே நகையை மீட்க வேண்டிய அதே பன்னிரண்டு மாதமும் உங்களிடம் ஒரு ஆப்ஷன்கூட இருக்காது, சம்பளக் குறைவு மட்டும் முதல் மாதத்திலிருந்தே முழுசாக இருக்கும். கம்பெனி பத்தாவது மாதம் மூடினால் உங்களுக்குப் பூஜ்யம். அதனால் அண்ணாவிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி சதவீதம் பற்றியது இல்லை. "கையில் இருக்கிற பணம், நானும் சேர்ந்த பிறகு, எத்தனை மாதம் வரும்?" என்பதுதான். 12க்குக் கீழே சொன்னால், பங்கு பேச்சையே அந்த இடத்தில் நிறுத்திவிட்டுச் சம்பளத்தை மட்டும் பேசுங்கள்.

சரி, எல்லாம் நல்லபடியாகப் போய், இரண்டு வருஷம் கழித்து வேறு வேலைக்குப் போகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். கம்பெனியில் மொத்தம் 10 லட்சம் பங்கு, உங்களுக்கு 10,000 ஆப்ஷன், அதில் பாதி 5,000 கைக்கு வந்துவிட்டது. பங்குக்கு 10 ரூபாய் கட்டி வாங்கிக்கொள்ளலாம், ஆனால் வேலையை விட்ட 90 நாளுக்குள் என்று பல திட்டங்களில் எழுதியிருக்கும். அன்று பங்கின் மதிப்பு 200 ரூபாய் என்று மதிப்பீட்டாளர் சொன்னால், 190 ரூபாய் வீதம் 9.5 லட்சம் உங்கள் சம்பளத்தோடு சேர்ந்த வருமானமாகக் கணக்காகும். நீங்கள் ஒரு பங்கைக்கூட விற்றிருக்க மாட்டீர்கள், வாங்கவும் ஆள் இருக்காது, ஆனாலும் வரி உண்டு. வருஷச் சம்பளம் ஐந்தரை லட்சத்தை ஒட்டி இருந்தால் புது வரி முறையில் அது ஏறக்குறைய ஒரு லட்சம். பங்குகளை வாங்க 50,000. ஆக ஒன்றரை லட்சம் ரொக்கமாக, மூன்று மாதத்துக்குள், வேலை மாறுகிற நேரத்தில். (அரசுச் சான்று பெற்ற சில ஸ்டார்ட்அப்களில் இந்த வரியைத் தள்ளிப்போடலாம், ஆனால் வேலையை விட்டால் அந்தச் சலுகை அங்கேயே முடிந்துவிடும்.) அப்போது யார் நகையை வைப்பீர்கள்?

அதனால் முதலில் அடிமட்டச் சம்பளத்தை முடிவு செய்யுங்கள். வீட்டுக்கு 30,000, நகைக்கு 20,000, உங்களுக்கு 5,000. மொத்தம் 55,000. உங்கள் சொந்தச் செலவை எவ்வளவு வேண்டுமானாலும் சுருக்குங்கள், அது உங்கள் இஷ்டம். முதல் இரண்டையும் தொடக் கூடாது. இந்த எண்ணை அண்ணாவிடம் சொல்லும்போது வீட்டுக் கதை வேண்டாம். அக்கா நகையைச் சொல்லிச் சம்பளம் கேட்டால் அவர் பரிதாபப்பட்டு இரண்டாயிரம் கூட்டுவார், நீங்களும் கூச்சப்பட்டுச் சரி என்பீர்கள். "அண்ணா, முதல் வருஷம் 55,000க்குக் கீழே என்னால் வர முடியாது. அதற்கு மேல் விட்டுக்கொடுப்பது 7,000, அதற்கு என்ன பங்கு தர முடியும்?" என்று நேராகக் கேளுங்கள். அவர் கணக்கிலேயே 24,000க்கு ஒரு சதவீதம் என்றால் 7,000க்கு 0.3 வரும், அதைத்தான் சொல்வார். நீங்கள் 0.5 கேளுங்கள். பங்கு என்பது விட்ட சம்பளத்துக்கு மட்டும் ஈடு கிடையாது, நிலையான வேலையை விட்டு மூன்றாவது ஆளாக வருகிற துணிச்சலுக்கும் சேர்த்துத்தான். முதல் வருஷம் முடிந்ததும் சம்பளத்தைக் கொஞ்சம் குறைத்துப் பங்கைக் கூட்டிக்கொள்ளலாமா என்பதையும் இப்போதே பேசிவையுங்கள், அதற்குள் நகை வீடு வந்திருக்கும்.

சதவீதமாகக் கேட்டு விட்டுவிடாதீர்கள். எத்தனை ஆப்ஷன், ஊழியர்களுக்கென ஒதுக்கியதையும் சேர்த்து மொத்தம் எத்தனை பங்கு, வாங்கும் விலை என்ன, வேலையை விட்டால் எத்தனை நாள் அவகாசம், இந்த நான்கும் எண்ணாக வேண்டும். 90 நாளை இரண்டு மூன்று வருஷமாக மாற்றச் சொல்லிக் கேட்கலாம். கம்பெனிக்கு அதில் காசு செலவில்லை, உங்களுக்கோ அந்த ஒன்றரை லட்சத்தைப் பற்றி யோசிக்க நேரம் கிடைக்கும்.

அப்புறம், ஆப்ஷன் திட்டத்துக்குப் பங்குதாரர்கள் தீர்மானம் போட்டிருக்க வேண்டும். போட்டாயிற்றா, இல்லையென்றால் எந்தத் தேதிக்குள் என்று கேளுங்கள். அந்த ஒரு வருஷக் கணக்கு ஆப்ஷன் கடிதம் கைக்கு வந்த நாளிலிருந்துதான் ஓடும், நீங்கள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து ஓடாது. "முதலீடு வரட்டும், அப்புறம் பண்ணிக்கலாம்" என்று விட்டால் காலமும் போகும், மதிப்பு ஏறியபின் வாங்கும் விலையும் ஏறலாம். கம்பெனி பிரைவேட் லிமிடெட்தானா என்பதையும் பார்த்துவிடுங்கள். எல்.எல்.பி. என்றால் அதில் பங்கே கிடையாது, ஆப்ஷன் பேச்சுக்கே இடமில்லை.

இதையெல்லாம் பீச்சில் நடந்துகொண்டு பேச வேண்டாம். அவர் ஆபீசில், மேசையில் ஒரு பேப்பரோடு உட்காருங்கள். பேசி முடித்த அன்று ராத்திரியே, "நாம் பேசியது இதுதானே அண்ணா" என்று ஒரு மெயில் போடுங்கள். பணத்தைப் பற்றிப் பேசுவதைத் தப்பாக நினைக்கிறவர் நாளைக்கு முதலீட்டாளரிடம் எப்படிப் பேசுவார்? நீங்கள் கேட்பதற்கு அவர் எப்படிப் பதில் சொல்கிறார் என்பதிலேயே அவர் கம்பெனி நடத்துகிற விதம் தெரிந்துவிடும்.

ஆனால் அதற்கு முன்னால், இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போங்கள். போனில் வேண்டாம், மாமாவும் இருக்கும்போது நேரில் சொல்லுங்கள். வேலை மாறப் போகிறேன், சம்பளம் இவ்வளவு, நகை இந்தத் தேதிக்குள் வரும் என்று தேதியோடு சொல்லுங்கள். "பரவாயில்லைடா, மெதுவா மீட்டுக்கலாம்" என்றுதான் அவள் சொல்வாள். அதைக் கேட்டுக்கொண்டு வந்து 55,000த்தில் ஒரு ரூபாய்கூடக் குறைக்காதீர்கள். அண்ணாவால் அவ்வளவு தர முடியாது என்றால் இப்போதைய வேலையிலேயே இருங்கள், ஆவணியில் நகையை அவள் கையில் கொடுத்துவிட்டு மறுபடி அவரிடம் பேசுங்கள். அன்றைக்கும் அந்தக் கம்பெனி நடந்துகொண்டிருந்தால், பங்கு கொஞ்சம் குறைவாகக் கிடைத்தாலும் சேரலாம்.