ரைசர் பஸ்வேக்கு 50 கிலோ ஆம்பியர் போதாதா?

"வெள்ளவத்தையில் 14 மாடிக் கட்டடம், இரண்டு 1000 கேவிஏ ட்ரான்ஸ்போமர். பிழை மின்னோட்டம் 29 கிலோ ஆம்பியர்தான் வருகிறது. 50 கிலோ ஆம்பியர் பஸ்வேயை ஏன் நிராகரிக்கிறார்கள்? அதிலிருந்து பிரியும் 8 கேபிள்களுக்கு 300 மி.மீ. ட்ரே போதுமா?"

இரண்டு ட்ரான்ஸ்போமரும் இணையாக ஓட முடியுமென்றால் 50 போதாது. உங்கள் 29 ஒன்றுக்கு மட்டும் சரி: 400 வோல்ட்டில் முழுச்சுமை 1443 ஆம்பியர், மின்தடுப்பு 5% என்றால் 28.9 கிலோ ஆம்பியர். இரண்டும் சேர்ந்தால் 57.7.

பெரும்பாலும் இரண்டு ட்ரான்ஸ்போமரின் பஸ்பார்களையும் இணைக்கும் பஸ் கப்ளர்தான் காரணம். ஒற்றைக்கோட்டு வரைபடத்தில் மூன்று பிரேக்கர், இரண்டு சாவி என்ற இன்டர்லொக் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் மூன்றும் ஒரே நேரத்தில் மூட முடியாது; அதைக் காட்டி 50-க்கு வாதாடலாம். ஆனால் மாற்றும்போது மின்சாரம் நிற்காமலிருக்க சில வினாடி இணையாக விடுகிறார்கள் என்றால், அந்த வாதம் விழுந்துவிடும். பிழை அந்த நேரத்திலும் வரலாம்.

மேல்மாடியில் மின்னோட்டம் குறையும் என்று சொல்லித் தப்ப வேண்டாம். அடியில் உள்ள முதல் துண்டுதான் முழு அடியையும் வாங்கும்.

தரவுத்தாளில் 50 என்பது எத்தனை வினாடிக்கு என்றும் பாருங்கள். 1 வினாடிக்கு என்றால், பஸ்வேக்கு மின்சாரம் தரும் பிரேக்கரின் தாமதம் அதற்குள் அடங்க வேண்டும். உச்ச மதிப்பு தனி: 57.7-க்கு 2.2 மடங்கு, கிட்டத்தட்ட 127 கிலோ ஆம்பியர். தாங்கிகளைப் பிய்ப்பது அதுதான்.

ட்ரே? வெளிவிட்டம் 32 மி.மீ. என்றால் ஒரே அடுக்கில் 8 கேபிளுக்கு 256 மி.மீ. எதிர்காலத்துக்கு 25% விட்டால் 320; ஆகவே 450 மி.மீ. ட்ரே எடுங்கள். இது கேபிள்களை ஒட்டி வைக்கும் கணக்கு, அதனால் குழுக் குறைப்புக் காரணியைப் போட மறக்க வேண்டாம்.