கடைச் சரக்குக்குத் தீக்காப்பீடு: தொகையைக் குறைத்து எழுதினால் என்ன கிடைக்கும்?

கேள்வி: கடையில் 10 லட்சத்துக்குச் சரக்கு இருக்கிறது. பிரீமியம் குறையட்டும் என்று 6 லட்சத்துக்குத்தான் தீக்காப்பீடு எடுத்திருக்கிறேன். எல்லாம் எரிந்துபோனால் அந்த 6 லட்சமாவது முழுதாகக் கிடைக்குமா?

பதில்: முழுதும் எரிந்து, சரக்கு இருந்ததை நீங்கள் நிரூபித்தும் விட்டால், பாலிசிதாரர் ஏற்கவேண்டிய சிறு பங்கு போக, 6 லட்சம் கிடைக்கும், மீதி 4 லட்சம் உங்கள் நஷ்டம். ஆனால் தீ எப்போதும் கடை முழுவதையும் எரிப்பதில்லை. பின்கட்டில் இருந்த 4 லட்சத்துச் சரக்கு மட்டும் எரிந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 6 லட்சத்துக்குள்தானே இருக்கிறது, முழுதும் தருவார்கள் என்று நினைப்பீர்கள். தரமாட்டார்கள். பெரும்பாலான பாலிசிகளில் உள்ள சராசரி விதிப்படி, பத்தில் ஆறு பங்குக்கே காப்பீடு செய்திருப்பதால் இழப்பிலும் பத்தில் ஆறு பங்கே, அதாவது 2.4 லட்சமே வரும். சிறிய பற்றாக்குறையைச் சில பாலிசிகள் கண்டுகொள்வதில்லை. 40 விழுக்காட்டுக்கு அந்தச் சலுகை எட்டாது.

10 லட்சம் என்ற கணக்கையும் ஒருமுறை சரிபாருங்கள். அது விற்பனை விலையில் போட்டதென்றால் தவறு. சரக்கைத் திரும்ப வாங்கிக் கடையில் இறக்க ஆகும் செலவையே, வண்டி வாடகை உட்பட, மதிப்பாக எடுப்பார்கள். லாபம் அதில் சேராது. விலைபோகாமல் கிடக்கும் பழைய சரக்குக்கு மதிப்பைக் குறைத்துவிடுவார்கள். இந்த முறையில் கணக்கிட்டு, ஆண்டில் சரக்கு மிக அதிகமாக இருக்கும் மாதத்தின் தொகைக்குக் காப்பீடு எடுங்கள். ஏற்ற இறக்கம் மிகுதி என்றால், மாதந்தோறும் இருப்பை அறிவித்து ஆண்டு முடிவில் பிரீமியத்தைச் சரிசெய்யும் பாலிசி கிடைக்குமா என்று கேளுங்கள். அறிவிக்கத் தவறும் மாதங்களுக்கு முழுத் தொகையையே இருப்பாக எடுத்துக்கொள்வது வழக்கம்.

கடை முழுவதும் எரியும்போது சிக்கல் வேறிடத்தில் வரும்: கணக்குப் புத்தகமும் சரக்கோடு சாம்பலாகியிருக்கும். அப்போது இழப்பை மதிப்பிடக் காப்பீட்டு நிறுவனம் அனுப்பும் சர்வேயர், ஆண்டுத் தொடக்க இருப்போடு கொள்முதலைக் கூட்டி, விற்ற சரக்கின் அடக்கவிலையைக் கழித்து இருப்பைக் கண்டுபிடிப்பார். தொடக்கத்தில் 8 லட்சம், கொள்முதல் 5 லட்சம், விற்பனை 5 லட்சம், அதில் லாபம் ஒரு லட்சம் என்றால் அடக்கவிலை 4 லட்சம். எரிந்த இருப்பு 9 லட்சம். இந்த எண்களுக்கு மொத்த வியாபாரிகளின் பில் நகலும் வங்கிக் கணக்கும் வரித் தாக்கலும்தான் சாட்சி. ஆதாரம் 5 லட்சத்துக்கே இருந்தால், பாலிசியில் 6 லட்சம் என்று எழுதியிருந்தாலும் 5 லட்சத்துக்கு மேல் பெயராது. அதனால் மாதக் கடைசி இருப்புப் பட்டியலின் நகல் கடைக்கு வெளியே இருக்கட்டும். தீ அணைந்ததும் நிறுவனத்துக்கு உடனே தகவல் சொல்லுங்கள். சர்வேயர் பார்க்கும்வரை கரிந்த மூட்டைகளை அள்ளிக் கொட்டாதீர்கள். எஞ்சியதில் விலைபோவது எதுவோ, அதன் மதிப்பை இழப்பீட்டில் கழிப்பார்கள்.

முழுத் தொகையும் வாங்கிய பிறகு அந்தச் சரக்குக்கான காப்பீடு தீர்ந்தது. புதுச் சரக்குக்குப் புதிதாகக் காப்பீடு எடுக்கவேண்டும். கடை மூடிக்கிடந்த மாதங்களின் லாபத்தைச் சரக்குப் பாலிசி ஈடுசெய்யாது. அதற்குத் தனிப் பாலிசி உண்டு.