தேனைக் காய்ச்சிக் கொடுத்தால் பச்சைக் குழந்தைக்கு ஆகாதா?

“மகளுக்குப் பிரசவமாகி 45 நாள் ஆகிறது. பிள்ளைக்கு உரை மருந்தை இழைத்து, தேனில் குழைத்து நாக்கில் தடவலாம் என்றிருந்தேன். ஒரு வயது வரை தேனே கூடாது என்று நர்ஸம்மா சொல்கிறார். கலப்படமில்லாத கொம்புத்தேன்தான். காய்ச்சி ஆறவைத்துக் கொடுத்தாலும் ஆகாதா? என் மூன்று பிள்ளைகளுக்கும் சேனை தொட்டு வைத்ததே தேனில்தான்.” (ஏர்வாடிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டி)

காய்ச்சினாலும் வேண்டாம் அம்மா. நர்ஸ் சொன்னது சரி. தேனில் கலப்படம் இருக்கிறதா இல்லையா என்பதற்கும் இதற்கும் தொடர்பே இல்லை. உங்கள் கண்ணெதிரே கூட்டிலிருந்து பிழிந்த தேனிலும் இந்த ஆபத்து இருக்கலாம்.

கிளாஸ்ட்ரிடியம் பாட்டுலினம் என்ற பாக்டீரியா உலகெங்கும் மண்ணிலும் புழுதியிலும் வாழ்கிறது. சூழ்நிலை ஒத்துவராதபோது அது தன்னைச் சுற்றிக் கெட்டியான ஓடு கட்டிக்கொண்டு, ‘ஸ்போர்’ எனப்படும் வித்தாக உறங்கிவிடும். தேனீ அலையும் வழியில் இந்த வித்து அதனோடு ஒட்டிக்கொண்டு கூட்டுக்கு வந்து சேரலாம். தேனில் ஈரம் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்குதான், புளிப்பும் உண்டு. அதனால் வித்து அங்கே முளைப்பதில்லை, சாவதுமில்லை. முற்றத்தில் காய்ந்து கிடக்கும் பனங்கொட்டை மாதக்கணக்கில் அப்படியே இருந்து, ஈர மணலில் புதைத்தவுடன் கிழங்கு விடுவதை நீங்கள் ஆண்டுதோறும் பார்க்கிறவர்தானே, அதைப் போலத்தான் இதுவும். வித்து கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியது என்பதால் துணியில் வடிகட்டிப் பிரிக்கவும் முடியாது. தேனின் நிறம், மணம், சுவை எதிலும் மாற்றம் இருக்காது.

காய்ச்சினால் என்ன ஆகும் என்றால், சாதாரணக் கிருமிகள் சாகும், இந்த வித்து சாகாது. கொதிநீரின் 100 டிகிரி வெப்பத்தை இது மணிக்கணக்கில் தாங்கக்கூடியது. டப்பாவில் உணவை அடைத்து விற்பவர்கள் இந்த ஒரு வித்துக்காகவே அழுத்த நீராவியில் 121 டிகிரி வரை சூடேற்றுகிறார்கள். தேனைப் போல ஈரம் குறைந்த பொருளுக்குள் இருக்கும்போது வித்துக்கு வெப்பத்தைத் தாங்கும் வலு இன்னும் கூடும். ஆகவே வீட்டு அடுப்பில் நீங்கள் எவ்வளவு காய்ச்சினாலும் தேனின் மணம்தான் போகும்.

அதே தேனை நீங்கள் ஒரு கரண்டி குடித்தால் ஒன்றும் ஆவதில்லை. பெரியவர்களின் பெருங்குடலில் நன்மை செய்யும் கிருமிகள் இடைவெளியில்லாமல் குடியேறி இருப்பதால், உள்ளே போகும் வித்துக்கு முளைக்க இடமில்லாமல் அது மலத்தோடு வெளியேறிவிடும். பிறந்து சில மாதமே ஆன பிள்ளையின் குடலில் அந்தக் குடியேற்றம் இன்னும் முழுமையாகவில்லை. காற்றில்லாத, ஈரமும் இளஞ்சூடும் உள்ள அந்தக் குடல்தான் வித்துக்கு ஈர மணல். அங்கே முளைத்துப் பெருகும் பாக்டீரியா நஞ்சைச் சுரக்கிறது. அந்த நஞ்சு இரத்தத்தில் கலந்து, நரம்பின் நுனியிலிருந்து தசைக்குப் போகவேண்டிய செய்தியைத் தடுத்துவிடுகிறது. தசைக்குக் கெடுதல் ஒன்றும் நேர்வதில்லை, ஆனால் கட்டளை வராததால் அது தளர்ந்து கிடக்கிறது. குழந்தைகளுக்கு வரும் இந்த நோய்க்குப் பாட்டுலிசம் என்று பெயர். ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைகளிடமே பெரும்பாலும் காணப்படுகிறது.

இந்த நோய் எப்படி நகரும் என்பதற்கு, இரண்டு மாதப் பிள்ளை ஒன்றுக்கு இன்று தேன் தொட்டு வைத்ததாக வைத்துக்கொள்வோம். அன்றிரவோ மறுநாளோ ஒன்றும் தெரியாது. மூன்று நாள் முதல் முப்பது நாள் வரை எப்போது வேண்டுமானாலும் அறிகுறி தொடங்கலாம் என்பதால், அதற்குள் தேன் கொடுத்ததையே வீட்டில் மறந்திருப்பார்கள். பெரும்பாலும் முதலில் வருவது மலச்சிக்கல். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் பிள்ளை சில நாள் மலம் கழிக்காமல் இருப்பது இயல்பாகவும் நடக்கும். அது மட்டும் என்றால் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் அதோடு பிள்ளை மார்பைப் பற்றிச் சப்புவது தளர்ந்து, பால் குடித்து முடித்த பிறகும் தாய்க்கு மார்பு கனமாகவே இருக்கும். கடைவாயில் பால் வழியும். அழுகை பூனைக்குட்டியின் முனகல் போல மெலிந்துவிடும். இமைகள் பாதி இறங்கி, முகம் உணர்ச்சியற்றுப் போகும். நிற்கத் தொடங்கியிருந்த கழுத்து மறுபடி துவளும். தளர்ச்சி இப்படித் தலையிலிருந்து கீழ்நோக்கி இறங்குவதும், பெரும்பாலும் காய்ச்சல் இல்லாமலேயே இத்தனையும் நடப்பதும் இந்த நோயின் அடையாளங்கள். மூச்சுவிடும் தசைகள் தளர்ந்தால் உயிருக்கே ஆபத்து.

இந்த நிலையில் விளக்கெண்ணெய் புகட்டுவதும் பாலாடையில் பால் ஊற்றுவதும் கூடாது. விழுங்கும் வலு இல்லாத பிள்ளைக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும். 108-ஐ அழைத்து, சுவாசக் கருவி உள்ள இராமநாதபுரம் அல்லது மதுரை மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கே முதலில் சொல்ல வேண்டிய வார்த்தை, “பிள்ளைக்குத் தேன் கொடுத்தோம்” என்பது. திட்டுவார்களோ என்று இதை மறைப்பவர்கள் உண்டு, மறைக்கக் கூடாது. துவண்ட பிள்ளையைப் பார்த்தால் இரத்தத்தில் கிருமித் தொற்று என்று நினைத்து ஜென்டாமைசின் ஊசி போடத் தோன்றும். அந்த வகை மருந்து பாட்டுலிசத்தில் தசைத் தளர்ச்சியை இன்னும் கூட்டிவிடும். காலத்தில் சுவாச உதவி கிடைத்த பிள்ளைகள் பெரும்பாலும் முழுமையாகத் தேறுகிறார்கள், ஆனால் நரம்பு நுனிகள் புதிதாக வளர வாரங்களோ மாதங்களோ ஆகும்.

உங்கள் மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றும் ஆகவில்லை என்பது உண்மைதான். எல்லாத் தேனிலும் வித்து இருப்பதில்லை, வித்து போன எல்லாக் குடலிலும் அது முளைப்பதுமில்லை. இந்த நோய் இன்னதென்று மருத்துவம் அடையாளம் கண்டதே 1976-இல்தான். அதற்கு முன் இப்படித் துவண்ட பிள்ளைகளுக்கு வேறு ஏதோ காரணம் சொல்லப்பட்டிருக்கும். வித்து புழுதியிலும் இருக்கிறதே என்று நீங்கள் கேட்கலாம். கச்சான் காற்றில் பறக்கும் புழுதியை நம்மால் தடுக்க முடியாது, தேன் கிண்ணத்தைத் தடுக்கலாம். ஏற்கெனவே ஒருமுறை கொடுத்துவிட்டவர்கள் வாந்தி எடுக்க வைக்க வேண்டாம். கொடுத்த தேதியைக் காலண்டரில் குறித்து, முப்பது நாள் மேலே சொன்ன அறிகுறிகளைக் கவனித்தால் போதும்.

உரை மருந்தைத் தாய்ப்பாலில் இழைத்துக் கொடுக்கலாமா என்பது உங்கள் அடுத்த கேள்வியாக இருக்கும். வசம்பும் மாசிக்காயும் மண்ணோடு புழங்கிய பொருள்கள்; உரைகல்லும் சுத்தமாக இருக்கும் என்று சொல்ல முடியாது. ஆறு மாதம் வரை தாய்ப்பால் தவிர எதுவும் வேண்டாம் என்பதே என் கருத்து. அடுத்த பேரப்பிள்ளைக்குச் சேனை வைக்க ஆசையிருந்தால், தாயின் சீம்பாலை உங்கள் கையால் ஒரு சொட்டு நாவில் வையுங்கள்.

பிள்ளைக்கு முதல் பிறந்தநாள் வரும்வரை கிரைப் வாட்டர், சூரணம், பிஸ்கட் எதை வாங்கினாலும் தேன் சேர்க்காததாகப் பார்த்து வாங்குங்கள். ரப்பர் நிப்பிளில் தேன் தடவுவதும் கூடாது. உங்கள் மகள் தாராளமாகத் தேன் சாப்பிடலாம். இந்த வித்து தாய்ப்பால் வழியாகப் பிள்ளைக்குப் போவதில்லை.