எல்சி இருந்தா பணம் கண்டிப்பா வருமா?

கேள்வி: வெளிநாட்டு பையர் ஒருத்தர் 40,000 டாலர் ஆர்டர் தர்றார். அட்வான்ஸ் கிடையாது, எல்சி போடுறேன்னு சொல்றார். அத நம்பி சரக்கு அனுப்பலாமா? அவருக்கு அதுல என்ன பாதுகாப்பு?

பதில்: அனுப்பலாம், ஆனா எல்சில என்ன எழுதியிருக்குன்னு வரி வரியா படிச்சதுக்கு அப்புறம் தான். எல்சின்னா லெட்டர் ஆஃப் கிரெடிட், அது பையர் தர்ற வாக்கு இல்ல, அவரோட பேங்க் தர்ற வாக்கு. கேட்ட பேப்பர்லாம் சரியா வந்தா நான் பணம் தர்றேன்னு பேங்க் சொல்லுது, ஒருதடவ ஓப்பன் பண்ணிட்டா உங்க சம்மதம் இல்லாம அவரால அத கேன்சலும் பண்ண முடியாது, மாத்தவும் முடியாது.

இதுல பலரும் கவனிக்காத விஷயம், பேங்க் சரக்க பாக்கவே பாக்காது, பேப்பர மட்டும் தான் பாக்கும். யுசிபி 600னு 2007ல இருந்து நடைமுறைல இருக்குற ரூல்ஸ் அப்படித்தான் சொல்லுது.

ஒரு உதாரணம் பாருங்க. உங்க எல்சில கடைசி ஷிப்மெண்ட் தேதி மார்ச் 10, எல்சி முடியுறது மார்ச் 31ன்னு வெச்சுக்குவோம். கப்பல் லேட்டாகி, சரக்கு ஏத்துனதுக்கு கப்பல் கம்பெனி தர்ற பில் ஆஃப் லேடிங்ல மார்ச் 12ன்னு விழுந்துருச்சு. சரக்கு அருமையான சரக்கு, பையரும் "ரெண்டு நாள் தானே, பரவால்ல"ன்னு மெயில் போட்டுட்டார். அந்த மெயிலுக்கு பேங்க்ல மதிப்பே இல்ல. பேப்பர் கைக்கு வந்ததுல இருந்து 5 வேலை நாளுக்குள்ள தப்பு இருக்குன்னு பேங்க் திருப்பி சொல்லிடும், அப்புறம் பையர் ஒத்துக்கிட்டா தான் பணம். அந்த நேரம் மார்க்கெட்ல வெல இறங்கியிருந்தா "8% குறைச்சுக்கோங்க"ன்னு ஆரம்பிப்பார், 3,200 டாலர் போச்சு. சரக்கு அங்க துறைமுகத்துல கெடக்கும்போது நீங்க என்ன பேரம் பேசுவீங்க? அதனால லேட்டாகும்னு தெரிஞ்ச உடனே, கப்பல் கிளம்புறதுக்கு முன்னாடியே பையர் மூலமா பேங்க்ல தேதிய மாத்தி அமெண்ட்மெண்ட் வாங்கிடுங்க.

இன்னொரு தேதியும் இருக்கு. எல்சில வேற மாதிரி சொல்லலைன்னா ஷிப்மெண்ட் ஆன 21 நாளுக்குள்ள பேப்பர குடுத்தாகணும், ஆனா அதுவும் எல்சி முடியுறதுக்குள்ள.

பையர் பக்கம் பாத்தா, சரக்கு கப்பல் ஏறுனதுக்கு ஆதாரம் வராம அவரோட பேங்க் காச விடாது. பெட்டிக்குள்ள குப்பைய வெச்சு அனுப்புனா? பேங்க்குக்கு அது தெரியாது, அதனால தான் விவரமான பையர் வெளி கம்பெனியோட இன்ஸ்பெக்‌ஷன் சர்டிபிகேட்டும் வேணும்னு எல்சிலயே போட்டுடுவார். அது நியாயம் தான். ஆனா அந்த சர்டிபிகேட்ல பையரே கையெழுத்து போடணும்னு இருந்தா ஒத்துக்காதீங்க, அவர் கையெழுத்து போடலைன்னா உங்க எல்சி வெறும் பேப்பர்.

பையரோட பேங்க் பேரே கேள்விப்படாததா இருந்தா, உங்க ஊர் பேங்க்க கன்ஃபர்ம் பண்ண சொல்லுங்க. அப்ப அந்த பேங்க் தராட்டியும் இந்த பேங்க் தந்தாகணும். அதுக்கு தனி கமிஷன் உண்டு, யார் கட்டுறதுன்னு ஆர்டர் பேசும்போதே முடிவு பண்ணிடுங்க.