ரியாத்தின் வெள்ளிக்கிழமையும் கோத்தகிரியின் ஞாயிற்றுக்கிழமையும்

கேள்வி: கோத்தகிரியில் சிறிய தேயிலைத் தொழிற்சாலை நடத்துகிறேன். ரியாத் வியாபாரி ஒருவர், ஆவணங்கள் சரியாக இருந்தால் பணம் தருவதாக அவர் வங்கி உறுதி கொடுக்கும் எல்.சி. மூலம் ஒரு கன்டெய்னர் தேயிலை வாங்க முன்வந்திருக்கிறார். தேதிகளை என்னையே எழுதித் தரச் சொல்கிறார். கப்பலேற்றக் கடைசி நாள் 2026 மே 17, எல்.சி. காலாவதி மே 29 என்று நினைத்திருக்கிறேன். மே இறுதிக்குள் பணம் வந்துவிடும் என்று நம்பி இலை தந்தவர்களுக்கு வாக்குக் கொடுக்கலாமா?

பதில்: இந்தத் தேதிகளோடு வாக்குக் கொடுக்காதீர்கள். சவூதியில் வார விடுமுறை வெள்ளி, சனி. நமக்கு ஞாயிறும், வங்கிகளுக்கு இரண்டாம், நான்காம் சனிக்கிழமைகளும். இரு நாட்டு வங்கிகளும் சேர்ந்து இயங்கும் நாட்கள் திங்கள் முதல் வியாழன் வரைதான். உங்கள் கணக்கில் இடையே ஹஜ் பெருநாளும் வருகிறது. பிறை பார்த்துத்தான் உறுதியாகும் என்றாலும் அங்கே மே 27 புதனை ஒட்டி எதிர்பார்க்கலாம். நம் ஊர் பக்ரீத் பெரும்பாலும் ஒரு நாள் தள்ளி வரும். நம் காலண்டரைப் பார்த்து அவர்கள் விடுமுறையைக் கணிக்க வேண்டாம்.

பணம் எப்போது வரும் என்று கணக்கிடுவோம். எல்.சி.களில் வழக்கமாகச் சேர்க்கப்படும் யு.சி.பி. 600 விதிகளின்படி, ஆவணங்களைச் சரிபார்க்க வங்கிக்கு அதிகபட்சம் ஐந்து வங்கி நாட்கள் உண்டு. ஆவணம் வந்த மறுநாளிலிருந்து எண்ண வேண்டும். மே 20 புதனன்று ரியாத் வங்கிக்கு ஆவணம் கிடைத்ததாக வைப்போம். வியாழன் முதல் நாள். வெள்ளி, சனி சேராது. ஞாயிறு 24 இரண்டு, திங்கள் 25 மூன்று. செவ்வாயன்று விடுமுறை தொடங்கி அந்த வாரம் முழுவதும் ஓடினால் மே 31 நான்காவது நாள், ஜூன் 1 ஐந்தாவது நாள். நீங்கள் இங்கிருந்து எண்ணினால் மே 27-லேயே முடிந்துவிட்டதாகத் தோன்றும். வங்கி தாமதித்துவிட்டது என்று சண்டை போடவும் முடியாது, ஏனெனில் வங்கி நாள் என்பது அந்தச் செயல் நடக்க வேண்டிய ஊரில் வங்கி திறந்திருக்கும் நாள்.

பெரிய பொறி அடுத்தது. யு.சி.பி.யின் 29-ஆம் பிரிவின்படி, காலாவதி நாளில் ஆவணத்தைப் பெற வேண்டிய வங்கி விடுமுறையால் மூடியிருந்தால் கெடு அடுத்த வங்கி நாளுக்கு நகரும். ஆனால் கப்பலேற்றக் கடைசி நாள் நகரவே நகராது. நீங்கள் குறித்த மே 17 ஞாயிற்றுக்கிழமை. துறைமுகம் ஞாயிறன்றும் இயங்கலாம். கப்பல் ஒரு நாள் பிந்தி, சரக்கு ஏற்றிய தேதியாகக் கப்பல் ரசீதில் மே 18 பதிவானால் வங்கி பணம் தர மறுக்கலாம். 'விடுமுறை வந்தால் அடுத்த வேலை நாள்' என்று விற்பனை ஒப்பந்தத்தில் எழுதி வைத்தாலும் அது வங்கியைக் கட்டாது. எல்.சி. ஒப்பந்தத்திலிருந்து தனித்து நிற்கும்.

காலாவதி எந்த ஊரில் என்பதும் பணம் சம்பந்தப்பட்ட கேள்வி. மே 29 வெள்ளிக்கிழமை. ரியாத் வங்கியில் காலாவதி என்றால் கெடு நகர்ந்து கொடுக்கும். கோவை வங்கியில் என்றால் அன்று இங்கே சாதாரண வேலை நாள். கதவு மூடியதும் கதை முடிந்தது. அப்படியிருந்தும் கோவையைத்தான் கேட்பேன். கூரியர் வழியில் தாமதமானால் அது உங்கள் தலையில் விழாது. மலர்க் கண்காட்சிக்காகக் கலெக்டர் விடும் உள்ளூர் விடுமுறையைச் சாக்காகச் சொல்ல எண்ண வேண்டாம். அது செலாவணி முறிச் சட்டத்தின் கீழ் வருவதல்ல என்று அந்த அறிவிப்பே சொல்லும். வங்கி திறந்தே இருக்கும்.

பெருநாளைத் தாண்டிப் போய்விடுங்கள். கப்பலேற்றக் கடைசி நாள் ஜூன் 10 புதன், காலாவதி ஜூலை 1 புதன், இடம் கோவை. இடையிலுள்ள 21 நாள், கப்பலேற்றிய பின் ஆவணம் தர யு.சி.பி. பொதுவாக அனுமதிக்கும் அதிகபட்சம். வாடிக்கையாளர் பெருநாளுக்கு முன்பே சரக்கு வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் தேதியை ஏப்ரலுக்கு முன்னிழுங்கள், மே மாதத்தில் நெருக்கிப் பிடிக்காதீர்கள்.

இந்த வெள்ளி, சனிக் கணக்கை மற்ற வளைகுடா நாடுகளுக்கு அப்படியே பொருத்தாதீர்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் அரசு அலுவலகங்கள் 2022 ஜனவரி முதல் சனி, ஞாயிறு விடுமுறைக்கு மாறிவிட்டன, வெள்ளி அரை நாள். அதே நாட்டின் சார்ஜாவில் வெள்ளி, சனி, ஞாயிறு மூன்றும் விடுமுறை. ஆர்டர் எந்த நகரத்து வங்கி வழியாக வருகிறது என்று கேட்டு, அந்த வங்கியின் விடுமுறை அறிவிப்பை மின்னஞ்சலில் அனுப்பச் சொல்லுங்கள்.

எல்.சி. வெளியாகும் முன் அதன் வரைவை வாங்கிப் பாருங்கள். 44C என்ற இடத்தில் கப்பலேற்றக் கடைசி நாளும், 31D என்ற இடத்தில் காலாவதித் தேதியும் ஊரும் இருக்கும். நீங்கள் எழுதிக் கொடுத்ததே வந்திருக்கிறதா என்று சரிபார்த்த பிறகு சம்மதம் சொல்லுங்கள். வெளியான பின் மாற்ற ரியாத் வங்கியின் திருத்தம் வேண்டும், அதற்கும் கட்டணம் உண்டு. இலை தந்தவர்களுக்கு ஜூலை நடுவில் பணம் தருவதாகச் சொல்லுங்கள்.