கேட்க வந்தது எத்தனையாவது பந்தியில் இருக்கிறது?

கேள்வி: வேலை விடயமாக அடிக்கடி நீளமான ஈமெயில் எழுத வேண்டியிருக்கிறது. சுருக்கவும் முடியாது. அனுப்பினால் யாரும் முழுதாக வாசிப்பதில்லை, கேட்டதற்குப் பதிலும் வருவதில்லை. எப்படி எழுதுவது?

மட்டக்களப்பில், படுவான்கரைப் பக்கத்துக் கிராம அபிவிருத்திச் சங்கம் ஒன்றின் எழுத்து வேலைகளைப் பார்க்கிறேன். எங்களுக்குக் காசு அனுப்புவது வெளிநாட்டில் இருக்கும் ஊர்க்காரர்களின் சங்கம். அங்கே நிர்வாகத்தில் ஏழு பேர். கணக்கு, அனுமதி எல்லாம் ஈமெயிலில்தான் போய் வரும். நான் சொதப்பிய ஒரு மெயிலையும், அதையே திருப்பி எழுதிய விதத்தையும் சொல்கிறேன். உங்களுக்கும் அதே சிக்கல்தான் என்று நினைக்கிறேன்.

ஒன்பது கிணறு வெட்ட 18 இலட்சம் ரூபா வந்திருந்தது, கிணற்றுக்கு 2 இலட்சம். ஆறு கிணறு முடிந்தது. ஏழிலும் எட்டிலும் பாதி ஆழத்தில் கருங்கல் வந்துவிட்டது. எழுவான்கரையில் கடற்கரையோரம் என்றால் மணல், வெட்டிக்கொண்டே போகலாம். எங்கள் பக்கம் உள்ளுக்குள் போனால் எங்கே கல் இருக்கும் என்று வெட்டிப் பார்த்துத்தான் தெரியும். கல் உடைக்கக் கொம்பிரசர் பிடிக்க வேண்டும், கிணற்றுக்கு 1 இலட்சம் மேலதிகம். ஒன்பதாவது கிணற்றை அடுத்த வருடத்துக்குத் தள்ளினால் அந்தக் காசில் இரண்டையும் முடித்துவிடலாம். அதற்கு அவர்களுடைய சம்மதம் வேண்டும். அதுவும் மாரி மழைக்கு முதல். மழை தொடங்கி நீர்மட்டம் ஏறிவிட்டால் கிணற்றுக்குள் ஆள் இறங்கி வேலை செய்ய முடியாது.

இதற்கு நான் ஓகஸ்ட் கடைசியில் எழுதிய முதல் மெயில் இப்படித் தொடங்கியது:

> மேற்படி கிணறு அமைக்கும் திட்டம் தொடர்பாகத் தங்களுக்கு அறியத்தருவது யாதெனில், கடந்த சித்திரை மாதம் தங்களால் அனுப்பிவைக்கப்பட்ட நிதியினைக் கொண்டு முதலாம் கட்டமாக மூன்று கிணறுகள் அமைக்கும் பணி வைகாசி மாதம் ஆரம்பிக்கப்பட்டது…

அப்படியே வைகாசி, ஆனி, ஆடி என்று நடந்தது நடந்தபடி போய், ஆறாவது பந்தியில்தான் கல் வந்தது. ஏழாவது பந்தியின் கடைசி வரியில், "ஆகவே இது தொடர்பான தங்கள் மேலான கருத்தினை அறியத்தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்." அதற்குக் கீழே, போகிற போக்கில், பெயர்ப்பலகைக்கு என்ன நிறம் போடலாம் என்றும் கேட்டிருந்தேன்.

ஒரு வாரத்தில் மூன்று பதில் வந்தது. ஒருவர் நீலம் என்றார். ஒருவர் பச்சை, ஆனால் சங்கத்தின் பெயர் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்றார். மூன்றாமவர், "தகவலுக்கு நன்றி, நல்ல பணி, தொடருங்கள்." காசு மாற்றுவதைப் பற்றி ஒரு சொல் இல்லை.

முதலில் எனக்குக் கோபம்தான் வந்தது. மறுகா யோசித்துப் பார்த்தால் பிழை என்னுடையது. நான் எழுதியது ஈமெயில் இல்லை, பெட்டிசம். பெட்டிசத்தில் வரலாறு முழுவதும் முதலில் வரும், வேண்டுகோள் கடைசியில், "ஆகவே" என்று தொடங்கி வரும். பள்ளிக்கூடத்தில் கடிதம் எழுதப் பழக்கியதும் அப்படித்தான். கச்சேரியில் மேசைக்கு முன்னால் இருந்து தாளை வாசிக்கிறவருக்கு அது சரிவரலாம். வேலைக்குப் போகும் ரயிலில் போனைத் தட்டிக்கொண்டு நிற்கிறவர் முதல் இரண்டு பந்தியைப் பார்த்ததும் "இது அறிக்கை, இரவைக்கு வாசிக்கலாம்" என்று மூடிவிடுவார். அந்த "இரவைக்கு" வராது.

பெயர்ப்பலகைக்குப் பதில் வந்த காரணமும் இதுதான். ஒரு மெயிலில் இரண்டு கேள்வி இருந்தால் மனிசர் இலகுவானதற்குப் பதில் போடுவார்கள், பதில் போட்டாயிற்று என்ற நிம்மதியில் மற்றதை மறந்துவிடுவார்கள். நிறத்துக்கு யாரும் பொறுப்பெடுக்கத் தேவையில்லை. 2 இலட்சத்துக்கு எடுக்க வேண்டும்.

திருப்பி எழுத முதல் ஒரு போன் எடுத்தேன். காசை மாற்றுவதற்கு யார் சம்மதம் சொன்னால் போதும் என்று கேட்டேன். பொருளாளர் என்றார்கள். ஏழு பேருக்கும் பொதுவாக அனுப்பினால் ஏழு பேரும் மற்ற ஆறு பேரைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதனால் இந்த முறை To இல் பொருளாளர் மட்டும், மற்ற ஆறு பேரும் Cc இல். பழைய மெயிலுக்கு Reply போடாமல் புதிதாகவே தொடங்கினேன். பழையது ஏற்கெனவே "Re: Re: புத்தாண்டு வாழ்த்துக்கள்" என்ற தலைப்பில் ஓடிக்கொண்டிருந்தது, அதற்குள் போட்டால் யார் தேடி எடுப்பது?

இரண்டாவது மெயிலின் மேல்பகுதி இது:

> விடயம்: சம்மதம் தேவை, செப். 5க்குள்: 9ஆவது கிணற்றுக் காசை மாற்ற
>
> அன்புள்ள அண்ணனுக்கு, எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே ஆறு கிணறு முடிந்து சனம் தண்ணீர் அள்ளத் தொடங்கிவிட்டது.
>
> உங்களிடம் ஒரு சம்மதம் வேண்டும். 9ஆவது கிணற்றை அடுத்த வருடத்துக்குத் தள்ளிவிட்டு, அதற்கான 2 இலட்சம் ரூபாவை 7ஆம், 8ஆம் கிணறுகளில் கல் உடைக்கச் செலவழிக்கலாமா?
>
> செப்டெம்பர் 5க்குள் "சம்மதம்" அல்லது "வேண்டாம்" என்று பதில் போட்டால் போதும். கொம்பிரசர்காரர் 8ஆம் திகதிக்குத்தான் வரலாம் என்கிறார், அதை விட்டால் மழைக்கு முதல் அவருக்கு நாள் இல்லை.
>
> விவரம் தேவையென்றால் கீழே இருக்கிறது: ஏன் கூடுதல் செலவு, கணக்கு, 9ஆவது வீட்டார், சம்மதிக்காவிட்டால் என்ன நடக்கும்.

தலைப்பில் "சம்மதம் தேவை" முன்னுக்கு நிற்பதைக் கவனியுங்கள். போனில் தலைப்பின் முன்பாதிதான் தெரியும், தமிழ் எழுத்து அகலம் என்பதால் அதிலும் குறைய. "கிணறு அமைக்கும் திட்டத்தின் முன்னேற்றம் தொடர்பாக…" என்று தொடங்கினால் கேட்க வந்தது வெட்டுப்பட்டுப் போகும்.

கீழ்ப்பகுதி நீளம்தான். நான் அதைப் பெரிதாகச் சுருக்கவில்லை, காசு தந்தவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும்தானே. ஆனால் பிரித்து எழுதினேன். பந்தியைச் சின்னதாக்குவது என்றால் நாலு வரிக்கு ஒருமுறை என்டர் தட்டுவது இல்லை. அப்படித் தட்டினால் துண்டு துண்டாகத் தெரியுமே தவிர விளங்காது. என்னுடைய பழைய ஆறாவது பந்தியில் கல் வந்த கதை, கொம்பிரசர் வாடகை, ஒன்பதாவது வீட்டுக்காரம்மாவிடம் பேசியது, சீமெந்து விலை எல்லாம் ஒரே மூச்சில் கிடந்தன. அதைப் பிறின்ட் எடுத்து, ஒவ்வொரு வசனத்துக்கும் பக்கத்தில் "இது பொருளாளரின் எந்தக் கேள்விக்குப் பதில்?" என்று பேனையால் எழுதினேன். நாலு கேள்வி வந்தது. அந்த நாலும்தான் கீழே தடித்த எழுத்தில் சிறு தலைப்பாகப் போயின. எந்தக் கேள்விக்கும் பதிலாக இல்லாத வசனங்களை எடுத்துவிட்டேன். வைகாசி மாத வரலாறு அப்படியே போனது.

கணக்கை வசனத்துக்குள் நுழைக்காமல் வரிவரியாக வைத்தேன்:

> வந்தது: 18,00,000
> ஆறு கிணற்றுக்குச் செலவு: 12,00,000
> கையிருப்பு: 6,00,000
> 7ஆம், 8ஆம் கிணறு, கல் உடைப்போடு (3,00,000 வீதம்): 6,00,000

அட்டவணை போட ஆசைதான். ஆனால் போனில் அது பக்கவாட்டில் ஓடி, எண் ஒரு பக்கமும் பெயர் ஒரு பக்கமுமாக நிற்கும்.

"சம்மதிக்காவிட்டால்" என்ற பகுதியைச் சிலர் போடத் தயங்குவார்கள். நான் போட்டேன்: மூன்று கிணறும் தலா 2 இலட்சத்துக்குள் முடியும், ஆனால் ஏழும் எட்டும் இப்போதிருக்கும் ஆழத்தோடு நிற்கும், கோடையில் வற்றும். "வேண்டாம்" என்று சொன்னால் என்ன ஆகும் என்று தெரியாதவர் "ஓம்" சொல்லவும் பயப்படுவார், பேசாமல் இருந்துவிடுவார். பதில் வராவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வோம் என்று எழுதச் சொல்லி ஒருவர் யோசனை சொன்னார். கூட்டத் திகதிக்கு அது சரி, மற்றவர் காசுக்குச் சரியில்லை.

பெயர்ப்பலகை நிறத்தை அந்த மெயிலில் எடுக்கவே இல்லை. அது பிறகு தனி மெயிலாகப் போனது.

அடுத்த நாள் காலை பொருளாளரிடமிருந்து ஒற்றைச் சொல் வந்தது: "சம்மதம்." எல்லாம் சுபம் என்று நினைக்காதீர்கள். Cc இல் இருந்த ஒருவர், ஒன்பதாவது வீட்டாருக்கு என்ன சொன்னீர்கள் என்று கேட்டார். அது மெயிலிலேயே தனித் தலைப்போடு இருந்தது. முன்பென்றால் முழுக்கதையையும் திருப்பி எழுதியிருப்பேன். இப்போது "மூன்றாவது சிறு தலைப்பைப் பாருங்கள்" என்று ஒரு வரியில் முடிந்தது. தலைவர் மாமா ஓய்வுபெற்ற ஆசிரியர், அவர் போனே எடுத்துவிட்டார். "என்ன மனே, நலம் விசாரிச்சு ரெண்டு வரி முடியல்ல, காசில வந்து நிக்கிறாய்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் கேட்டார், ஆனாலும் கேட்டார். அதனால் எங்கள் ஆட்களுக்கு எழுதும்போது அந்தச் சுகம் விசாரிக்கும் வரியை ஒருபோதும் வெட்டாதீர்கள். ஒரு வரி போதும், மூன்று வேண்டாம்.

இந்த முறை எல்லாவற்றுக்கும் பொருந்தாது. செத்தவீட்டு ஆறுதல், ஒருவரோடு ஏற்பட்ட மனக்கசப்பு, ஒருவரின் வேலையில் பிழை சொல்வது ஆகியவற்றுக்கு உபதலைப்புப் போட்டு எழுதினால் கந்தோர்ச் சுற்றறிக்கை மாதிரி இருக்கும். அவற்றுக்குப் போன்தான் நல்லது. உண்மையிலேயே இரண்டு முடிவு வேண்டுமென்றால் இரண்டு மெயிலாக அனுப்புங்கள். ஒன்றுக்கு மற்றது தேவை என்றால் முதலாவதற்குப் பதில் வந்த பிறகு இரண்டாவதை அனுப்புங்கள்.

அனுப்ப முதல் நான் செய்வது ஒன்றுதான். மெயிலை முதலில் எனக்கே அனுப்பி, வெளியில் நின்றுகொண்டு போனில் திறப்பேன். விரலால் தள்ளாமல், முதல் திரையிலேயே யார், என்ன, எப்போதைக்கு என்ற மூன்றும் தெரிகிறதா என்று பார்ப்பேன். தெரியாவிட்டால் அந்த வரிகளை மேலே தூக்குவேன். லெப்டொப்பில் நாலு வரியாகத் தெரிந்த பந்தி போனில் பத்து வரியாகி நிற்பதையும் அப்போதுதான் காண்பீர்கள். இன்னொன்றும் அகப்படும். எங்கள் கந்தோரில் இன்னமும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்கிற ஒருவர் இருக்கிறார். அவர் தரும் பந்தியைக் கவனிக்காமல் ஒட்டினால், மறுபக்கத்தில் அம்மா என்பது `mk;kh` என்றுதான் போய்ச் சேரும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஒட்டுங்கள்.