வட்ட பேட்ஜில் பழைய பெயரை எடுத்துவிட்டுப் புதுப் பெயரை வளைத்து அமைப்பது எப்படி?

கேள்வி: எங்கள் பேட்ஜில் மேல் வளைவில் ‘மாணவர் மன்றம்’ என்றும் கீழ் வளைவில் ‘அரசு மேல்நிலைப் பள்ளி’ என்றும் இருக்கிறது. மேலே மட்டும் ‘முன்னாள் மாணவர் மன்றம்’ என்று மாற்ற வேண்டும். கையில் இருப்பது பிஎன்ஜி படம்தான். நேராக எழுதி வளைத்தால் எழுத்து நசுங்குகிறது, புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. இன்க்ஸ்கேப்பில் இதைச் சரியாகச் செய்ய வழி உண்டா?

பதில்: உண்டு. எழுதியதை வளைக்காதீர்கள், ஒரு வட்டக் கோட்டின் மேல் எழுத்துகளை உட்கார வையுங்கள். வளைக்கும் எஃபெக்ட் எதுவானாலும் எழுத்தின் ஒரு பக்கத்தை இழுத்து மறுபக்கத்தைச் சுருக்கும். Put on Path அப்படிச் செய்யாது. ஒவ்வொரு எழுத்தையும் உருவம் மாறாமல் திருப்பி மட்டும் வைக்கும்.

மேல் வரியை மட்டும் மாற்றும் எண்ணத்தையும் விட்டுவிடுங்கள். பழைய ஃபான்ட் அப்படியே கிடைப்பது அபூர்வம். மேலே ஒரு ஃபான்ட், கீழே இன்னொன்று என்றால் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இரண்டு வரிகளையும் ஒரே ஃபான்டில் புதிதாக அமைப்பதுதான் கடைசியில் வேலை குறைவு.

முதலில் அளவு. Edit > Preferences > Tools பகுதியில் Geometric bounding box என்பதைத் தேர்ந்துகொள்ளுங்கள். இல்லாவிட்டால் கோட்டின் தடிமனும் அளவில் சேர்ந்து எல்லாக் கணக்கும் தப்பிவிடும். அலகை மி.மீ. ஆக்கி, படத்தை உள்ளே கொண்டுவந்து, பேட்ஜின் உண்மையான அளவுக்கு நீள அகல விகிதம் மாறாமல் பெரிதாக்குங்கள். அகலமும் உயரமும் சமமாக இல்லையென்றால் அது ஸ்கேன் செய்யும்போது நசுங்கிய படம். அதை முதலில் சரிசெய்யாமல் மேலே போகக்கூடாது.

உங்கள் பேட்ஜ் 60 மி.மீ. விட்டம் என்று வைத்துக்கொள்வோம். எழுத்து இருக்கும் பட்டையின் உள் விளிம்பு மையத்திலிருந்து 22 மி.மீ., வெளி விளிம்பு 29 மி.மீ. பழைய எழுத்தை ஒவ்வொன்றாக அழித்து ஒட்டுப் போட வேண்டாம். எழுத்தின் ஓரத்தில் கலங்கிய நிறம் மிச்சமிருந்து அச்சில் அழுக்காகத் தெரியும். பட்டை ஒரே நிறமாக இருந்தால் அதை முழுதாக மூடிவிடலாம். 25.5 மி.மீ. ஆரத்தில், அதாவது 51 மி.மீ. விட்டத்தில் ஒரு வட்டம் போட்டு, உள் நிறத்தை எடுத்துவிட்டு, கோட்டின் தடிமனை 7 மி.மீ. ஆக்கி, பட்டையின் நிறத்தைக் கொடுங்கள். அது 22 முதல் 29 வரை சரியாக மூடும். பக்கவாட்டில் நட்சத்திரம் இருந்தால் அதுவும் மறையும். பிறகு புதிதாக வரைந்துகொள்ளலாம்.

அடுத்து எழுத்தின் அளவு. 7 மி.மீ. பட்டை என்றதும் 5 மி.மீ. எழுத்து போடத் தோன்றும். தமிழில் அது நடக்காது. ம, ப போன்ற எழுத்தின் உடலுக்கு மேலே புள்ளியும் மேல்விலங்கும் இருக்கின்றன. கீழே ற, ந, சு ஆகியவற்றின் வால் இறங்குகிறது. உடல் 3 மி.மீ. என்றால் மேலே சுமார் 1.3, கீழே சுமார் 1 மி.மீ. ஒதுக்க வேண்டும். மொத்தம் 5.3. ஓரங்களில் கொஞ்சம் காற்று விட்டால் 7 நிரம்பிவிடும். மேலும் கீழும் எவ்வளவு என்பது ஃபான்டுக்கு ஃபான்ட் மாறும், அளந்தே பாருங்கள். ஃபான்ட் அளவு எண் எழுத்தின் உயரத்தைச் சொல்லாது. அதனால் ‘ம’ என்று ஒரு எழுத்தை 24-இல் அடித்து, நகல் எடுத்து, Path > Object to Path கொடுத்து உயரத்தைப் பாருங்கள். 4 மி.மீ. வந்தால், 3 மி.மீ.க்கு 18 போதும். ஃபான்ட் யூனிகோடாக இருக்கட்டும்: நோட்டோ சான்ஸ் தமிழ், கேட்டமரன், லதா எதுவானாலும் சரி. பாமினி போன்ற பழைய ஃபான்டில் அடித்ததைக் கொண்டுவந்து ஒட்டினால் ஆங்கில எழுத்துக் குப்பைதான் வரும்.

இப்போது வட்டங்கள். மேல் வரிக்கும் கீழ் வரிக்கும் ஒரே வட்டம் உதவாது. மேல் வரியில் எழுத்து வட்டத்துக்கு வெளியே நிற்கும், கீழ் வரியில் உள்ளே நிற்கும். மேல் வரி 23.8 மி.மீ. ஆரத்தில் உட்கார்ந்தால் அதன் உடல் 26.8 வரை போகும். கீழ் வரியின் உடலும் அதே வளையத்துக்குள் வர, அதன் வட்டத்தை உடல் உயரத்தைக் கூட்டி 26.8-இல் போட வேண்டும். ஆனால் கீழ் வரியின் புள்ளிகள் பட்டையின் உள் விளிம்பை நோக்கிப் போவதால் 0.2 தள்ளி 27 என்று வைப்பது நல்லது.

வரைந்த வட்டத்தில் கோடு கடிகாரத்தின் 3 மணி இடத்தில் தொடங்கி வலஞ்சுழியாக ஓடும். வரி சாய்ந்த இடத்திலோ, தலைகீழாகவோ வந்து நிற்பதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். மேல் வட்டத்துக்கு (விட்டம் 47.6) Object to Path கொடுத்துவிட்டு, வலப்பக்கமாக 90 பாகை திருப்புங்கள். தொடக்கம் 6 மணிக்கு வரும், கோட்டின் நடு 12 மணிக்கு வரும். கீழ் வட்டத்தை (விட்டம் 54) அதேபோல மாற்றி, இடப்பக்கமாக 90 பாகை திருப்பி, Path > Reverse கொடுங்கள். இதன் நடு 6 மணிக்கு வரும். எழுத்தும் நிமிர்ந்து உள்ளே நிற்கும். எழுத்துக்கு நடு அலைன்மென்ட் கொடுத்து, எழுத்தையும் வட்டத்தையும் சேர்த்துத் தேர்ந்து Text > Put on Path. வரி நடுவில் வராவிட்டால் Edit > XML Editor-ஐத் திறந்து, textPath என்ற வரியில் இப்படி இருக்கிறதா என்று பாருங்கள்:

```
startOffset="50%"
```

வரியின் ஒரு முனை காணாமல் போனால் அது கோட்டின் முடிவைத் தாண்டிவிட்டது என்று அர்த்தம்.

எழுத்து கொள்ளுமா என்பதை வைப்பதற்கு முன்பே கணக்குப் போடலாம். நேராக அடித்த வரியின் நகலை Object to Path ஆக்கி அகலத்தை அளந்து, இதில் போடுங்கள்:

```
பாகை = அகலம் × 360 ÷ (2 × 3.1416 × ஆரம்)
```

‘முன்னாள் மாணவர் மன்றம்’ 52 மி.மீ. வந்தால், 23.8 ஆரத்தில் 125 பாகை. ‘அரசு மேல்நிலைப் பள்ளி’ 50 மி.மீ. என்றால், 27 ஆரத்தில் 106 பாகை. இரண்டும் தாராளமாகக் கொள்ளும். ஆனால் திரையில் பார்த்தால் மேல் வரி விரிந்தும் கீழ் வரி நெருங்கியும் தெரியும். நீங்கள் சொன்ன புள்ளி ஒட்டும் தொல்லை இங்கும் வரலாம். மேல் வரியில் எழுத்தின் தலைகள் வெளிப்பக்கம் விரிகின்றன: 26.8-ஐ 23.8-ஆல் வகுத்தால் 13 சதவீதம் கூடுதல் இடம். கீழ் வரியில் தலைகள் மையத்தை நோக்கிக் கூடுகின்றன. உடலின் மேல் விளிம்பில் 11 சதவீதம், புள்ளி நிற்கும் உயரத்தில் 16 சதவீதம் இடம் குறைகிறது. ‘மேல்நிலை’யில் ல்-இன் புள்ளியும் நி-யின் மேல்விலங்கும் மோதுவதும், ‘பள்ளி’யில் ள்-இன் புள்ளி ளி-யை உரசுவதும் இதனால்தான்.

அதற்கு ஃபான்டைச் சிறிதாக்க வேண்டாம். கீழ் வரிக்கு மட்டும் எழுத்து இடைவெளியை 0.5 மி.மீ. கூட்டுங்கள், மேல் வரியைத் தொடாதீர்கள். 11 எழுத்து, 2 வெற்றிடம் என்று 13 இடங்களில் 6.5 மி.மீ. கூடி வரி 56.5 ஆகும், அது 120 பாகை. மேலே 125, கீழே 120, மிச்சம் 115. இரு பக்கமும் ஏறத்தாழ 57 பாகை வெற்றிடம் கிடைப்பதால் நட்சத்திரம் பழையபடி 3 மணி, 9 மணி இடத்திலேயே நிற்கலாம். பெயர் இன்னும் நீளமாக இருந்து இரண்டும் சேர்ந்து 310 பாகையைத் தாண்டினால், எங்கே ஆரம்பம் எங்கே முடிவு என்று கண் தடுமாறும். அப்போது பெயரைச் சுருக்குவதா, பட்டையை அகலமாக்குவதா என்று மன்றத்தில் பேசிக்கொள்ளுங்கள்.

இடைவெளி கொடுத்தபின் ‘மே’, ‘லை’ இரண்டையும் பெரிதாக்கிப் பாருங்கள். கொம்பு எழுத்தை விட்டுத் தனியே விலகி நின்றால் அந்த இடைவெளியை நீக்கிவிட்டு, எழுத்துகளுக்கு நடுவே கர்சரை வைத்து Alt உடன் வல அம்பு விசையை அழுத்தித் தேவையான இடங்களில் மட்டும் தள்ளுங்கள். ல்-க்கும் நி-க்கும் நடுவே எப்படியும் ஒரு தள்ளு கூடுதலாகத் தேவைப்படும். வரி ஒரு பக்கமாகச் சாய்ந்தால் எழுத்தைத் தொடாமல் வட்டத்தை Object > Transform-இல் ஒரு பாகை, அரைப் பாகை என்று திருப்புங்கள், எழுத்தும் கூடவே வரும். கடைசி எழுத்துக்குப் பின்னும் அந்த 0.5 இடைவெளி சேர்வதால் கீழ் வரி மயிரிழை இடப்பக்கம் தள்ளி நிற்பது இயல்பு.

‘லை’, ‘னா’ போன்ற அகல எழுத்துகளில் ஒரு எல்லையும் உண்டு. அவை ஒரே கட்டையாகத் திரும்புவதால் நடுப்பகுதி வட்டத்தில் பட, இரு ஓரமும் விலகும். 7 மி.மீ. அகல ‘லை’ 27 ஆரத்தில் விலகுவது 0.23 மி.மீ.தான், கண்ணுக்குத் தெரியாது. அதே எழுத்தை 12 மி.மீ. ஆரத்தில் வைத்தால் அரை மி.மீ. விலகி, வளைவு பலகோணமாகத் தெரியும். சட்டைப்பைப் பின் போன்ற சிறு பேட்ஜும் அடிக்கப் போகிறீர்கள் என்றால் இந்த டிசைனையே சுருக்காதீர்கள். வளைவில் சின்ன பெயர், நடுவில் நேர் வரி என்று தனியாக அமையுங்கள்.

வட்டக் கோடுகளை அழித்தால் எழுத்து பாதையை இழந்துவிடும். நிறத்தையும் கோட்டையும் எடுத்து மறைத்து வையுங்கள். அச்சகத்துக்குக் கொடுக்கும்போது கோப்பை வேறு பெயரில் சேமித்து, அதில் இரண்டு வரிகளையும் Object to Path ஆக்கி, பிடிஎஃப் எடுத்து அனுப்புங்கள். அவர்கள் கணினியில் உங்கள் ஃபான்ட் இல்லாவிட்டாலும் கொம்பும் புள்ளியும் இடம் மாறாது. எழுத்து எழுத்தாகவே இருக்கும் மூலக் கோப்பு உங்களிடம் இருக்கட்டும். அனுப்புவதற்கு முன் ஒரு தாளில் உண்மை அளவில் அச்சிட்டு, ‘ல்நி’ இருக்கும் இடத்தைக் கை நீட்டும் தூரத்திலிருந்து பாருங்கள்; புள்ளி தனியாகத் தெரிந்தால் கொடுத்துவிடலாம்.